அம்பின் நீளம் எதைச் சொல்கிறது? ஒரே பெட்டியை வைத்து விசைப்படம் வாசிக்கப் பழகுவோம்

இயக்கம் பற்றிய பயிற்சித்தாளில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு பெட்டி வரைந்திருக்கும். அதிலிருந்து நான்கு அம்புகள் நான்கு பக்கமும் கிளம்பும். கீழே, "பெட்டி வலப்புறம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வேகம் கூடுகிறதா, குறைகிறதா, மாறாமல் இருக்கிறதா?" என்று கேட்டிருப்பார்கள். வலப்புறம் போகிற பெட்டிக்கு வலப்புற அம்புதானே நீளமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலரும் பதில் எழுதிவிடுகிறார்கள். இடப்புற அம்பு நீளமாக இருந்துவிட்டால், படத்தையே தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறவர்களும் உண்டு. படம் சரியாகத்தான் இருக்கும்.

தனித்த பொருள் விசைப்படத்தில் இருக்கும் அம்பு விசையை மட்டுமே காட்டுகிறது. பொருள் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத் தனி அம்பு எதுவும் சொல்வதில்லை. எல்லா அம்புகளையும் சேர்த்துக் கிடைக்கும் நிகர விசையும்கூட, வேகம் எப்படி மாறப்போகிறது என்பதைத்தான் சொல்லும். வேகம் இப்போது எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. இதை வெறும் வாக்கியமாக மனப்பாடம் செய்தால் அடுத்த கேள்வியிலேயே மறந்துபோகும். அதனால் ஒரே பெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் கதையை முதலிலிருந்து கடைசிவரை வரைந்து பார்ப்போம். கட்டம் போட்ட தாளும், பென்சிலும், ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரையத் தொடங்கும் முன்

நம் பெட்டியின் நிறை 2 கிலோகிராம். சமமான தரையில் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 m/s² என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெட்டியின் எடை 2 × 10 = 20 நியூட்டன்.

அடுத்து அளவுத்திட்டம். தாளில் ஒரு கட்டம் என்பது 2 நியூட்டன் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். இதை எழுதாமல் வரைந்தால் அம்பின் நீளத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். 20 நியூட்டன் எடைக்கு 10 கட்டம் நீள அம்பு வரும்.

இப்போது பெட்டியை ஒரு புள்ளியாக வரையுங்கள். தரை வேண்டாம், தள்ளுகிற கை வேண்டாம். "தனித்த" என்ற சொல்லின் பொருளே அதுதான்: சுற்றியிருப்பதையெல்லாம் நீக்கிவிட்டு, அவை பெட்டியின் மீது செலுத்தும் விசைகளை மட்டும் அம்புகளாக வைத்துக்கொள்கிறோம். என்னென்ன அம்புகள் வரும் என்று கண்டுபிடிக்க, பெட்டியை எது தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். தரை தொடுகிறது, கை தொடுகிறது. தொடாமலே இழுப்பது பூமி. அவ்வளவுதான். தரை மட்டும் இரண்டு அம்புகளைத் தரலாம்: தன் பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, பரப்பை ஒட்டி உராய்வாக ஒன்று.

ஒவ்வொரு அம்பின் வாலும் புள்ளியில் இருக்க வேண்டும், தலை விசையின் திசையில் வெளியே நீள வேண்டும். பெட்டியை இடப்பக்கத்திலிருந்து கை தள்ளினால், கை இருக்கும் பக்கத்தில் அம்பை வரையத் தோன்றும். அப்படி வரைந்தால் அம்பின் தலை புள்ளியில் வந்து முட்டும். பிறகு படத்தைப் பார்க்கும்போது அது இடப்புற விசை என்று கண் ஏமாறும். தள்ளினாலும் இழுத்தாலும் வாலைப் புள்ளியில் வைப்பதுதான் நல்ல பழக்கம்.

பெட்டியின் கதை, ஐந்து படங்களில்

முதல் படம். கை பெட்டியை வலப்புறம் 4 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. பெட்டி அசையவில்லை. கீழ்நோக்கி எடை 10 கட்டம், மேல்நோக்கித் தரையின் செங்குத்து விசை 10 கட்டம். வலப்புறம் கையின் விசை 2 கட்டம். உராய்வு எவ்வளவு? பெட்டி அசையாமல் நிற்கிறது என்பதிலிருந்தே பதில் வந்துவிடுகிறது: இடப்புறம் 2 கட்டம், அதாவது 4 நியூட்டன். நிலை உராய்வுக்கு ஒரே மதிப்பு என்று எதுவும் கிடையாது. தள்ளுகிற அளவுக்குத் தக்கபடி அது கூடும், ஓர் உச்சம் வரைக்கும். நம் பெட்டிக்கு அந்த உச்சம் 8 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியில் "உச்ச நிலை உராய்வு 8 நியூட்டன்" என்று பார்த்தவுடன் உராய்வு அம்பை 4 கட்டத்துக்கு நீட்டிவிடுவது பரவலான தவறு. அப்படி வரைந்தால் இடப்புற அம்பு பெரிதாகிவிடும். வலப்புறம் தள்ளிய பெட்டி தானாக இடப்புறம் கிளம்ப வேண்டியிருக்கும்.

இரண்டாம் படம். கை இப்போது 12 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. 8 நியூட்டனைத் தாண்டியதால் பெட்டி வழுக்கத் தொடங்குகிறது. வழுக்கும்போது இருப்பது இயக்க உராய்வு. அது நம் பெட்டிக்கு 6 நியூட்டன். வலப்புறம் 6 கட்டம், இடப்புறம் 3 கட்டம். மேலும் கீழும் பழையபடி பத்துப் பத்து. நிகர விசை வலப்புறம் 3 கட்டம், அதாவது 6 நியூட்டன். முடுக்கம் a = F/m, ஆகவே 6 / 2 = 3 m/s². ஒவ்வொரு விநாடியும் பெட்டியின் வேகம் 3 m/s கூடிக்கொண்டே போகும். இரண்டு விநாடி தள்ளினால் வேகம் 6 m/s.

நிகர விசையை எங்கே வரைவது? புள்ளியில் வரைய வேண்டாம். அது ஐந்தாவது விசை அல்ல. மற்ற நான்கையும் கூட்டிய விடை. புள்ளியிலேயே வரைந்துவிட்டால் பிறகு கூட்டும்போது அதையும் சேர்த்துக் கூட்டிவிடுவீர்கள். படத்துக்குப் பக்கத்தில் தனியாக இரட்டைக்கோட்டு அம்பாக வரைந்து "நிகர விசை" என்று எழுதுங்கள். "2 × 3 = 6" என்று வரும் நிறை, முடுக்கப் பெருக்கலைத் தனி விசை என்று நினைத்து வரைவதும் இதே தவறுதான்.

மூன்றாம் படத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். பெட்டி 6 m/s வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கை தன் விசையை 12 நியூட்டனிலிருந்து 6 நியூட்டனாகக் குறைக்கிறது. வலப்புறம் 3 கட்டம், இடப்புறம் 3 கட்டம். நிகர விசை சுழி. பெட்டி என்ன செய்யும்? "விசையைக் குறைத்தால் வேகமும் குறையும்" என்று மனசு சொல்லும். வேகம் குறைய வேண்டுமென்றால் இடப்புற அம்பு பெரிதாக இருக்க வேண்டும். இங்கே இரண்டும் சமம். அதனால் பெட்டி அதே 6 m/s வேகத்தில் தொடர்ந்து போகும். கூடுவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் படத்தை முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எதிரெதிர் அம்புகள் சமம். ஒன்றில் பெட்டி நிற்கிறது, இன்னொன்றில் ஓடுகிறது. அம்புகளை மட்டும் காட்டிவிட்டு "பெட்டி நிற்கிறதா, ஓடுகிறதா?" என்று யாராவது கேட்டால், சொல்ல முடியாது என்பதுதான் சரியான பதில். பயிற்சித்தாளில் பொருளுக்கு மேலே "வலப்புறம் நகர்கிறது" என்று தனியாக எழுதியிருப்பதும், தனியாகத் திசைவேக அம்பு வரைந்திருப்பதும் இதற்காகத்தான். அந்த அம்பை விசை அம்புகளோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். வேறு நிறத்தில் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கி வைத்துவிடுவது என் வழக்கம்.

நான்காம் படம். கையை எடுத்துவிடுகிறோம். பெட்டி இன்னும் வலப்புறம் வழுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது தொட்டுக்கொண்டிருப்பது தரை மட்டும். எடை கீழே 10, செங்குத்து விசை மேலே 10, உராய்வு இடப்புறம் 3 கட்டம். வலப்புறம் எதுவுமே இல்லை. பெட்டி வலப்புறம் போகும்போது அந்தப் பக்கம் ஓர் அம்பாவது இருக்க வேண்டாமா என்று கை துறுதுறுக்கும். "தள்ளிய விசை பெட்டிக்குள் கொஞ்சம் மிச்சமிருக்கிறது" என்று காரணமும் தோன்றும். இந்த எண்ணம் கற்றுத் தேறியவர்களையும் விடுவதில்லை. 1982-இல் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர், மேலே சுண்டிவிட்ட நாணயம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேலுள்ள விசைகளை வரையும்படி பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, விடைகளை ஆய்வு செய்து எழுதினார். பெரும்பாலானோர் மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்தார்கள். கையை விட்டுப் போன நாணயத்தை மேலே தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், கீழ்நோக்கிய எடை ஒன்றுதான் இருக்கிறது.

இந்தத் தவறிலிருந்து தப்பிக்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் "எது, எதன் மீது" என்று எழுதுங்கள். "பூமி, பெட்டியின் மீது." "தரை, பெட்டியின் மீது." நான்காம் படத்தில் வலப்புற அம்பு வரைந்திருந்தால் அதற்கு என்ன எழுதுவீர்கள்? கை விலகிவிட்டது. எழுதப் பெயர் கிடைக்காத அம்பை அழித்துவிட வேண்டியதுதான்.

சரி, நிகர விசை இடப்புறம் 6 நியூட்டன். முடுக்கம் இடப்புறம் 3 m/s². வேகமோ வலப்புறம் 6 m/s. இரண்டும் எதிரெதிராக இருப்பதால் வேகம் குறைகிறது: ஒரு விநாடி கழித்து 3, இன்னொரு விநாடி கழித்து 0. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த கேள்விக்கு இதுதான் பதில். வேக அம்பும் நிகர விசை அம்பும் ஒரே பக்கம் என்றால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் என்றால் குறையும், நிகர விசை சுழி என்றால் மாறாது.

ஐந்தாம் படம். பெட்டி நின்றுவிட்டது. உராய்வு அம்பை அப்படியே விட்டுவைத்தால் பெட்டி இடப்புறம் திரும்பி ஓட வேண்டும். ஓடாது. நின்ற நொடியிலேயே, எதிர்க்க எதுவும் இல்லாததால் உராய்வும் மறைந்துவிடுகிறது. மேலே பத்து, கீழே பத்து, மிச்சம் எதுவும் இல்லை.

அச்சடித்த படத்தில் நீளத்தை அளக்கும்போது

நாமே வரைந்த படத்தில் அளவுத்திட்டம் நம் கையில் இருக்கிறது. அச்சடித்த தாளில் அப்படி இல்லை. சில படங்களில் அம்புகள் பெட்டியின் நடுவிலிருந்து கிளம்பும், சிலவற்றில் பெட்டியின் விளிம்பிலிருந்து கிளம்பும். அம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும். பெட்டி அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால், விளிம்பில் தொடங்கும் கிடைமட்ட அம்பின் தலை நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போயிருக்கும். கண்ணுக்கு அதுதான் பெரிய விசை போலத் தெரியும். ஸ்கேலை வைத்தால் மேல்நோக்கிய அம்போடு சமமாக இருக்கலாம். வாலிலிருந்து தலையின் கூர்முனை வரை அளந்தால் போதும். கோட்டின் தடிமனுக்கு அர்த்தம் இல்லை.

அம்பின் மேல் எண் எழுதியிருந்து, நீளம் அதற்குப் பொருந்தாமல் இருந்தால் எண்ணைத்தான் நம்ப வேண்டும். படம் அளவுக்கு வரையப்படவில்லை என்று பொருள். எண் எதுவும் இல்லாத படத்தில் நீளம் ஒன்றுதான் சாட்சி, அதை அலட்சியமாக விடக் கூடாது. அப்புறம், அளவுத்திட்டம் ஒன்று என்று தெரியாதவரை, இரண்டு தனித்தனிப் படங்களின் அம்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

சாய்ந்த அம்பு வந்தால்

இதுவரை எல்லா அம்பும் நேராக இருந்தது. இப்போது அதே பெட்டியில் ஒரு கயிற்றைக் கட்டி, வலப்புறம் சற்று மேல்நோக்கி 10 நியூட்டன் இழுவிசையுடன் இழுக்கிறோம். கயிறு அம்பின் நீளம் 5 கட்டம். அதன் சாய்வு எப்படி இருக்கிறது என்றால், புள்ளியிலிருந்து 4 கட்டம் வலப்புறமும் 3 கட்டம் மேலேயும் போனால் அம்பின் தலை வருகிறது. கிடைமட்டத்தோடு சுமார் 37 பாகை கோணம்.

இங்கே இழுக்கிற 10 நியூட்டன் முழுவதும் பெட்டியை வலப்புறம் கொண்டுபோவதில்லை. 4 கட்டம், அதாவது 8 நியூட்டன் மட்டும் அந்த வேலையைச் செய்கிறது. மீதியுள்ள 3 கட்டம், 6 நியூட்டன், பெட்டியை மேலே தூக்கப் பார்க்கிறது. 8-ம் 6-ம் கூட்டினால் 14 வருகிறதே, 10 எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். ஒன்றுக்கொன்று செங்குத்தான அம்புகளின் நீளங்களைச் சாதாரணமாகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் அவை: 8-இன் வர்க்கம் 64, 6-இன் வர்க்கம் 36, கூட்டினால் 100, அதன் வர்க்கமூலம் 10. இரண்டு கூறுகளையும் வரைந்த பிறகு சாய்ந்த அம்பைப் புள்ளிக்கோடாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கயிறு இரண்டு முறை கணக்கில் வந்துவிடும்.

இப்போது தரையின் செங்குத்து விசை எவ்வளவு? கை பழக்கத்தில் 10 கட்டம் வரைந்துவிடும். நின்று யோசியுங்கள். எடை கீழே 20 நியூட்டன். கயிறு 6 நியூட்டன் அளவுக்கு மேலே தூக்குகிறது. பெட்டி தரையை விட்டு எழவும் இல்லை, தரைக்குள் இறங்கவும் இல்லை. அப்படியானால் தரை தாங்க வேண்டியது 20 − 6 = 14 நியூட்டன். அம்பு 7 கட்டம்தான். எடையும் செங்குத்து விசையும் எப்போதும் சமம் என்று ஐந்து படங்களில் பழகிப்போனது இங்கே உடைகிறது. அவை நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் ஜோடி அல்ல. எடையின் ஜோடி, பெட்டி பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை. அது பூமியின் மீது செயல்படுவதால் நம் படத்தில் அதற்கு இடமே இல்லை.

செங்குத்து விசை குறைந்தால் உராய்வும் குறையும். சமதளத்தில் 20 நியூட்டன் செங்குத்து விசைக்கு இயக்க உராய்வு 6 நியூட்டனாக இருந்தது. அதாவது 0.3 மடங்கு. அதே விகிதத்தில் 14-க்கு 0.3 × 14 = 4.2 நியூட்டன். தாளில் 2.1 கட்டம். பெட்டி வலப்புறம் வழுக்கும்போது நிகர விசை 8 − 4.2 = 3.8 நியூட்டன், முடுக்கம் 3.8 / 2 = 1.9 m/s². செங்குத்து விசையை 20 என்றே வைத்திருந்தால் உராய்வு 6, நிகர விசை 2 என்று வந்திருக்கும். ஓர் அம்பை மூன்று கட்டம் அதிகமாக வரைந்ததால் முடுக்கம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டிருக்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி, அம்புகளை வால்-தலையாகக் கோப்பது. காலியான இடத்தில் ஒரு தொடக்கப் புள்ளி வையுங்கள். அங்கிருந்து எடைக்காக 10 கட்டம் கீழே போங்கள். அந்தத் தலையிலிருந்து செங்குத்து விசைக்காக 7 கட்டம் மேலே. அங்கிருந்து கயிற்றுக்காக 4 வலப்புறம், 3 மேலே. கடைசியாக உராய்வுக்காக 2.1 இடப்புறம். எங்கே வந்து நிற்கிறீர்கள்? தொடங்கிய அதே உயரத்தில், 1.9 கட்டம் வலப்புறம். தொடக்கப் புள்ளியிலிருந்து இங்கே வரையும் அம்புதான் நிகர விசை: 1.9 × 2 = 3.8 நியூட்டன். உயரம் தொடங்கிய இடத்துக்கே திரும்பாமல் இருந்திருந்தால், பெட்டி தரையிலிருந்து எழும்புகிறது அல்லது தரைக்குள் போகிறது என்று நம் படம் சொல்வதாக ஆகும். தவறு எந்த அம்பில் என்று அப்போதே தேடலாம்.

நீங்களே ஒன்று வரையுங்கள்

50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் நிற்கிறார். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நிற்க வேண்டிய மாடி நெருங்குவதால் அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் 2 m/s குறைகிறது. அவர் மீதுள்ள விசைகளை வரையுங்கள். ஒரு கட்டம் 50 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே படிக்கும் முன் பென்சிலை எடுத்து வரைந்துவிடுங்கள்.

அவரைத் தொட்டுக்கொண்டிருப்பது லிஃப்டின் தரை மட்டும். தொடாமல் இழுப்பது பூமி. ஆக இரண்டே அம்புகள். லிஃப்டை இழுக்கும் கம்பிவடம் அவரைத் தொடவில்லை, அதனால் அதற்கு இங்கே அம்பு இல்லை. எடை 500 நியூட்டன், கீழே 10 கட்டம். மேலே போகும்போது வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் கீழ்நோக்கி 2 m/s². நிகர விசை 50 × 2 = 100 நியூட்டன் கீழ்நோக்கி, அதாவது 2 கட்டம். ஆகவே தரையின் செங்குத்து விசை 500 − 100 = 400 நியூட்டன், மேலே 8 கட்டம். மேலே போகிறவருக்குக் கீழ்நோக்கிய அம்பு நீளமாக வந்திருக்கிறது. பெட்டியின் நான்காம் படத்தை எடுத்துச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்: வேகம் ஒரு பக்கம், நிகர விசை எதிர்ப்பக்கம் என்ற அதே அமைப்பு அதிலும் இருக்கும்.